முதுகிடம் சொன்னவை

பிப்ரவரி 3, செவ்வாய்

புது நோட்டு. முதல் பக்கத்தில் நல்லதாக ஏதாவது எழுத வேண்டும் என்பாள் அக்கா. நல்லது எதுவும் நடக்கவில்லை. குக்கர் விசிலை எண்ணினேன். மூன்று. அடுப்பை அணைத்துவிட்டு ஹால் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். ஊசி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், சாப்பாடு ஆயிற்றா என்பதுபோல. ஆயிற்று மகாராணி, வாருங்கள்.

ஊசி என்பது நான் வைத்த பெயர். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு அறுபது பேரைக் குத்துகிறாள். இரண்டு காதிலும் மெஷின். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் கழற்றி, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள், காதுக்கு ஓய்வாம். அதற்குப் பிறகு ஏழு மணியிலிருந்து மறுநாள் காலை வரை இந்த வீட்டின் காது நான். காலிங் பெல் அடித்தால் நான். பால் பொங்கினால் நான். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் நான். அவள் பேங்க்குக்குப் போன் செய்ய வேண்டுமென்றாலும் நான்தான் வாய்.

மூன்று வருஷமும் நாலு மாதமும்.

இன்று மதியம் அந்த ஒற்றை அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பெனி இடம் மாறியிருக்கும் புது ஆபீசிலிருந்து நடந்தே போகலாம், பத்து நிமிஷம். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு சன்னல். ஒருத்திக்குத்தான் இடம். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அறைக்காரம்மா பதினாறாம் தேதி வரை வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பாராம்.

ஊசியிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். இருவர் பெயரும் இருக்கிறது. ஒருவர் மட்டும் விலகுவதானால் இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் தர வேண்டும். இருப்பவர் தொடர்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக வருபவரை வீட்டுச் சொந்தக்காரர், அதாவது மாடி வீட்டுக்காரர், பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதாவது இந்த மாதம் முடிவதற்குள் கடிதம் போனால் ஏப்ரல் முப்பதில் நான் போகலாம். கடிதம் அவருக்குப் போவதற்கு முன்பு ஊசிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாடியிலிருந்து செய்தி இறங்கி வந்து அவளுக்குத் தெரிந்தால் அது அசிங்கம். நான் எவ்வளவோ அற்பம், ஆனால் அவ்வளவு இல்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். நல்லபடியாகப் பிரிய வேண்டும் என்றேன். மனஸ்தாபம் இல்லாமல். அக்கா வீட்டில் ஏழு பேர், ஒரு குளியலறை. அவளுக்கு என் கவலை பொழுதுபோக்கு.

"மூஞ்சியப் பாத்து சொல்லு. தேதிய முதல்ல சொல்லு. அப்புறம் வாய மூடு. உனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் வராது" என்றாள்.

எனக்கா வராது? தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் கம்பெனியில் பதினோரு வருஷமாக வாடிக்கையாளர் புகாரைப் போனில் கேட்கிறேன். ஒரு நாளைக்கு எண்பது பேர் என்னைத் திட்டுகிறார்கள். எண்பது பேருக்கும் நன்றி சொல்கிறேன். கெட்ட செய்தி சொல்வது என் பிழைப்பு. இவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

என் மூளையை நானே மெச்சிக்கொள்ள வேண்டும்.

ஆபீசில் எந்தப் பேச்சையும் முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்வார்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது செல்லாது, வாய் பழக வேண்டும். சரி, யாரிடம் சொல்லிப் பார்ப்பது? சுவரிடமா? ஏழரை மணிக்கு ஊசி பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். காது டப்பாவுக்குள். முதுகு என் பக்கம். இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? உயிரோடு நிற்கும், ஒன்றும் கேட்காது.

சமையலறை வாசலில் நின்றுகொண்டு டீம் லீடர் சொல்லித்தந்த ரொட்டி முறையில் சொன்னேன். மேலே ஒரு ரொட்டி நன்றி, நடுவில் செய்தி, கீழே ஒரு ரொட்டி நன்றி. "இத்தனை நாள் நீ குடுத்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. தவிர்க்க முடியாத காரணத்தால நான் வீடு மாறவேண்டியிருக்கு. உன் புரிதலுக்கு நன்றி."

சொல்லி முடித்ததும் எனக்கே என்னை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. தண்ணீர் வடிகட்டும் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்கும்போது சொல்வது இது. அப்படியே, ஒரு சொல் மாறாமல்.

ஊசி ஒரு டம்ளரை ஐந்து நிமிஷம் கழுவினாள். எப்போதும் அப்படித்தான். சன்னலைப் பார்த்துக்கொண்டே கழுவுவாள். வெளியே கும்மிருட்டு, எதிர்ச் சுவர்கூடத் தெரியாது. அதில் அப்படி என்னதான் பார்ப்பாளோ.

பிப்ரவரி 8, ஞாயிறு

வீட்டிலேயே இருந்தாள். நேரம் அமைந்தது. தைரியம் அமையவில்லை. துணி மடித்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இரண்டாவது ஒத்திகை. அதே இடம், அதே முதுகு.

இன்று பொய்யை முயன்றேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். நன்றாகத்தான் வந்தது. குரல்கூட லேசாகத் தழுதழுத்தது. அப்புறம்தான் உறைத்தது: மே மாதம் ஊசி அக்காவைக் கடைத்தெருவில் பார்த்தால்? அக்கா கல்லுப்பிள்ளையார் மாதிரி இருப்பாள். அதைவிட, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊசி மறுநாளே கையில் பெட்டியோடு போய் நின்று ரத்தம் எடுத்துவிடுவாள். அந்த மாதிரி ஆள். உதவி என்றால் முன்னால் நிற்பாள், நம்மைக் கேட்கவே மாட்டாள். இப்படி ஒருத்தியோடு குடித்தனம் செய்வதில் உள்ள கஷ்டம் வெளியாட்களுக்குப் புரியாது. குறையாகச் சொல்லவும் முடியாதே.

பொய் ரத்து.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆபீசில் இன்று ஓர் ஆள் இருபது நிமிஷம் திட்டினான். என் குலம், கோத்திரம், நான் படித்த பள்ளி, எதையும் விடவில்லை. தங்கள் பொறுமைக்கு நன்றி என்றேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டு வாசலில் கூரியர்காரன். அரை மணி நேரமாகப் பெல் அடிக்கிறானாம். ஊசி உள்ளேதான் இருக்கிறாள், சன்னலில் விளக்கு எரிகிறது. பார்சலும் அவளுக்குத்தான். நான் கையெழுத்துப் போட்டேன், நான் திட்டு வாங்கினேன்.

உள்ளே வந்தால் அம்மணி நிம்மதியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கொட்டித் தீர்த்துவிட்டேன். எழுதுகிறேன், எழுதினால்தான் அடங்கும். "உன் காலிங் பெல்லா, குக்கர் மணியா, போன் வாயா இருந்து இருந்து எனக்கு அலுத்துப் போச்சுடி. நான் ஒரு மனுஷிடி. மெஷின் இல்ல. உனக்கு ரெண்டு மெஷின் பத்தலையா, மூணாவதா நான் வேணுமா? எப்படா போவோம்னு இருக்கு எனக்கு."

மூன்று வருஷத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் 'டி' போட்டதில்லை. நீ, வா, போ, அவ்வளவுதான். அவளும் போட்டதில்லை. இன்று என் வாயில் எத்தனை 'டி'. கையை வேறு ஆட்டினேன். அப்பா, என்ன ஒரு சுகம்!

அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்து தட்டு நழுவி உடைந்தது. நீலப் பூப்போட்டது, நான் வாங்கியது. கையில் ஒரு பிடிமானம் இல்லை. இவளை நம்பி எப்படித்தான் ஜனங்கள் கையை நீட்டுகிறார்களோ. துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றினாள், என் பக்கம் திரும்பவே இல்லை. ஸாரிகூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன்

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். நானா எழுதினேன்? நான்தான் எழுதினேன். இப்படி ஒரு பிறவி.

சாயங்காலம் தோசைக்கல்லோ என்னவோ தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றேன். தயாரித்து எதுவும் வைக்கவில்லை. சும்மா சொன்னேன், மெதுவாக.

ஏப்ரல் முப்பதோடு போகிறேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. முப்பத்தேழு வயதில் ஒரு தடவையாவது தனியாக இருந்து பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். அம்மா செத்துப்போன அந்த வாரம் நான் அழாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாய். என் கண் முன்னாலேயே காதைக் கழற்றினாய். எவ்வளவு சத்தமா வேணா அழு, எனக்குக் கேக்காது என்றாய். நான் ஊரைக் கூட்டி அழுதேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். அதற்கு நான் நன்றியே சொல்லவில்லை.

சொல்லும்போது மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொண்டேன். முதுகுக்கு முன்னால் நின்று மூக்கைச் சிந்தும் முதல் ஆள் நான்தான்.

ஊசி குழாயை மூடினாள். திரும்பவும் திறந்து, கழுவிய கல்லையே கழுவினாள்.

இதை நேரில் சொல்ல முடியாது. ரொம்பப் பச்சையாக இருக்கிறது. நேரில் அந்த ரொட்டியே போதும்.

பிப்ரவரி 12, வியாழன்

இரவுச் சாப்பாட்டில் ஊசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூஞ்சியில் பருக்கை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எழுத்துக்கூடக் கோணலாக வருகிறது. ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

காலை பதினொரு மணி. எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன், அக்காவே வந்து பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க முடியாது. அவள் குளித்து, டீ குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். கொஞ்சம் பேசணும், மெஷினைப் போட்டுக்கொள் என்றேன். போட்டுக்கொண்டாள். வெளிச்சம் என் முகத்தில் விழும்படி சன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன்; என் முதுகுப் பக்கம் வெளிச்சம் இருந்தால் என் உதடு அவளுக்குத் தெரியாது. வாயில் கையை வைக்கவில்லை. டி.வி.யை அணைத்திருந்தேன்.

தேதியை முதலில் சொன்னேன். ஏப்ரல் முப்பதோடு போகிறேன் என்றேன். மாடி வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன் என்றேன். வேறு ஆள் கிடைக்க உதவுகிறேன் என்றேன். இதெல்லாம் சரிதான். அப்புறம் என் வாய் தன் வேலையைக் காட்டியது. ஆபீஸ் தூரமாகிவிட்டது, தவிர்க்க முடியாத காரணம், இத்தனை நாள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. கீழ் ரொட்டிவரை போய்விட்டேன்.

ஊசி முடியும்வரை கேட்டாள். மேஜையில் இருந்த உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தாள்.

"புதன்கிழமை சொன்னதச் சொல்லு. அது நல்லா இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. என்ன புதன்கிழமை என்று கேட்டேன். அவள் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினாள். அந்தச் சன்னல். ராத்திரி வெளியே இருட்டு, உள்ளே டியூப்லைட். ஆளுயரக் கண்ணாடி மாதிரி என்னை வாசலோடு சேர்த்துக் காட்டியிருக்கிறது. நான்கு நாளும். வெள்ளி, திங்கள், செவ்வாய், புதன். நான் இவளுக்கு முதுகு என்று ஒரு பெயர் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். இவள் பாத்திரம் கழுவிக்கொண்டே என் மூஞ்சியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

எல்லாமே புரிந்ததா என்று கேட்டேன். முழுசாக இல்லையாம். பாதிதானாம், உதட்டில் அவ்வளவுதான் கிடைக்குமாம். மீதியை என் கையையும் கண்ணையும் பார்த்துச் சேர்த்துக்கொண்டாளாம்.

"செவ்வாய்க்கிழமையுமா?" என்றேன்.

"அது நல்லாவே புரிஞ்சுது. கோவம் வந்தா நீ வாய நல்லாத் திறந்து பேசுற."

தட்டு. நீலப் பூப்போட்ட தட்டு. அதற்கு ஸாரி சொல்லவில்லை என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஐயோ. நான் எல்லாம் என்ன ஜென்மம்? வாசலில் நின்று காது கேட்காத ஒருத்தியைப் பார்த்து மெஷின் பத்தலையா என்று கேட்டிருக்கிறேன். கேட்காது என்ற தைரியத்தில். கூரியர்காரன்கூட அவளை நேரில்தான் திட்டியிருப்பான்.

மன்னிப்புக் கேட்டேன். எந்த ரொட்டியும் இல்லாமல். கோபமா என்று கேட்டேன்.

"அன்னிக்கு இருந்துச்சு. தட்டோட போச்சு" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கு வேற ஒரு கோவம். பெல் அடிச்சா லைட் எரியற மாதிரி ஒண்ணு விக்கிறாங்க. இங்க வந்த முதல் மாசமே நான் வாங்கப் போனேன். நீதான் வேணாம்ன. எதுக்கு அது, நான் இருக்கேன்லன்னு சொன்ன."

சொன்னேன். நினைவிருக்கிறது. பெரிய தியாகி மாதிரி மார்பில் கை வைத்துச் சொன்னேன். அந்த உத்தியோகத்தை நானே கேட்டு வாங்கி, மூன்று வருஷம் பார்த்து, அதற்கு அவளைத் திட்டியிருக்கிறேன்.

அலுத்திருந்தால் அலுத்த அன்றே மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டியதுதானே, அடுத்த நாளே வாங்கி மாட்டியிருப்பேனே என்றாள். வாஸ்தவம்.

அப்புறம் புதன்கிழமை சொன்னதைச் சொன்னேன். அதே வரிசையில் வரவில்லை. தனியாக இருக்க ஆசை என்பதைச் சொன்னேன். அம்மா விஷயத்தைச் சொன்னேன். நன்றி என்றேன், ஒரே ஒரு தடவை. பிறகு அக்கா சொன்னபடி வாயை மூடினேன்.

ஊசி அழவில்லை. நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, ஏனென்றால் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. "அன்னிக்கு நான் கழட்டினது ஒண்ணுதான். இன்னொண்ணு போட்டுக்கிட்டுதான் இருந்தேன். நீ விழுந்துகிழுந்து வெச்சா தெரியணும்ல" என்றாள்.

என் டீ ஆறிப்போயிருந்தது. இரண்டாவது தடவை அவள்தான் போட்டாள்.

பிப்ரவரி 16, திங்கள்

அறைக்காரம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

டீம் லீடர் இன்று புது ஆட்களுக்கு ரொட்டி முறை எடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டு பார்த்தால் அந்த ஆள் ஒன்றுமே சொல்லவில்லை. காதைத் திறந்து கேட்டாலும் அப்படித்தான்.

பிப்ரவரி 21, சனி

கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். நான் நாலு பத்தி எழுதினேன். ஊசி மூன்றை அடித்தாள். மிச்சம் இருந்தது: நான் ஏப்ரல் 30 அன்று விலகுகிறேன், இன்னார் தொடர்கிறார், புதியவரைத் தங்கள் ஒப்புதலுக்கு அழைத்து வருவோம். இரண்டு கையெழுத்து. நகல் ஒன்று எங்களுக்கு, பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மாடி வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஆள். வேலை, எதிர்வீட்டைப் பார்ப்பது. "என்னம்மா, சண்டையா?" என்றார், கண்ணில் ஒரு ஆசையோடு. இல்லை சார் என்றேன். இல்லை சார் என்றாள் ஊசியும். மனுஷனுக்கு முகம் தொங்கிவிட்டது. அவருக்காகவாவது ஒரு சின்னச் சண்டை போட்டிருக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

அறைக்கு ஆள் பார்க்கும் படலம். விளம்பரத்தை என்னை எழுதச் சொன்னாள். நீதான் இந்த அறையில் இருந்தவள், உனக்குத்தான் தெரியும் என்றாள். மத்தியான வெயில், கதவு இழுத்துச் சாத்த வேண்டும், தண்ணீர் வரும் நேரம் எல்லாம் எழுதினேன். வீட்டிலிருப்பவருக்கு மாலையில் காது கேட்காது, முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றும் எழுதினேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதாமல் விட்டால் வருகிறவள் மூன்று வருஷம் கழித்து முதுகிடம் சொல்வாள் என்றாள். இதை ஆயுசுக்கும் விடமாட்டாள்.

மூன்று பேர் வந்தார்கள். முதலாவது ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஊசியின் மூக்குக்கு அரை அடி தூரத்தில் நின்று ஊருக்கே கேட்கும்படி ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினாள். தனக்கு இந்த மாதிரி ஆட்கள் மேல் ரொம்ப இரக்கம் என்று என்னிடம் சொன்னாள், தணிந்த குரலில். உன் இரக்கத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டு. இரண்டாவது ஒரு அழகுநிலையக்காரி. தலை குனிந்து தன் போனுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இவளுக்கா என் அறை? என் கட்டில் இருந்த இடத்தில் இவள் கட்டிலா?

மூன்றாவது, சரக்கு லாரி நிற்கும் கொட்டகையில் வண்டி வரும் நேரம், போகும் நேரம் எழுதுகிறவள். நாள் முழுக்க இன்ஜின் சத்தம். பேசுமுன் ஊசி பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டுப் பேசினாள். வேலையிடத்துப் பழக்கமாம். உட்காரும்போது, "நான் இந்தப் பக்கம் உக்காந்தா வெளிச்சம் சரியா இருக்குமா?" என்று கேட்டாள்.

முந்திரிக்கொட்டை. எனக்கு அது தெரிய ஆறு மாதம் ஆனது.

ஊசி என்னைப் பார்த்தாள். சும்மா தலையாட்டி வைத்தேன். வேறென்ன செய்ய, அவள்தான் சரியான ஆள். அதுதான் எரிச்சல்.

மார்ச் 22, ஞாயிறு

எலெக்ட்ரீஷியன் வந்து விளக்கு பெல்லை மாட்டினார். என்னை வெளியே போய் அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். ஹாலில், சமையலறையில், அவள் அறையில், மூன்று இடத்திலும் வெள்ளை வெளிச்சம் படபடவென்று அடித்தது. உள்ளிருந்து கதவைத் திறந்தாள், சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு. இன்னொரு தடவை என்றாள். எட்டுத் தடவை அழுத்தினேன்.

மூன்று வருஷ உத்தியோகம். ஒரு பல்பு வந்து அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டது. அதுவும் என்னைவிட நன்றாகச் செய்கிறது, திட்டாமல்.

ஏப்ரல் 26, ஞாயிறு

யாருக்கு எது என்று பார்த்தோம். ஃபிரிட்ஜ் அவளுடையது, அலமாரி என்னுடையது, குக்கரைப் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். எனக்கு வேண்டாம் என்றேன். விசில் எண்ணியது போதும். இன்டர்நெட் என் பேரில் இருந்தது, அவள் பேருக்கு மாற்ற நான்கு தடவை போன் செய்ய வேண்டியிருந்தது. அங்கேயும் எவளோ ஒருத்தி என் பொறுமைக்கு நன்றி சொன்னாள். பேங்க்குக்கு இனி எழுத்தில் கேட்டால் போதும் என்று ஊசியே விசாரித்து ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாள். இதையும் முதல் வருஷமே செய்திருக்கலாம். நான் இருக்கேன்ல என்றிருப்பேன், வேறென்ன.

அறையைக் கழுவித் துடைத்து, சுவரில் ஆணி ஓட்டையை அடைத்து, நான்கு மூலையும் படம் எடுத்து வைத்தேன். மின்சார மீட்டரையும் எடுத்தேன்.

ஏப்ரல் 30, வியாழன்

இரண்டு சாவியையும் ஊசியின் கையில் கொடுத்தேன். ஒன்று வாசல், ஒன்று அறை. மூன்றாவது சாவி எங்கே என்றாள். மூன்றாவது சாவி இரண்டு வருஷம் முன்பே தொலைந்துபோனது, அவளிடம் சொல்லவில்லை. இப்போது சொன்னேன். நேருக்கு நேராக, வெளிச்சத்தில். பூட்டை மாற்றிவிடலாம் என்றாள். முன்னேறுகிறேன் போலிருக்கிறது.

வண்டியில் ஏறும்போது ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். கூரியர் பொட்டலம் போலிருந்தது. பிரித்தால், நீலப் பூப்போட்ட தட்டு. அதே மாதிரி இல்லை, பூ கொஞ்சம் பெரிசு. கடை கடையாகத் தேடியிருக்கிறாள். கட்டிப்பிடித்துக்கொள்ளும் ஆட்கள் இல்லை நாங்கள். கையை ஆட்டினாள், ஆட்டினேன்.

மே 3, ஞாயிறு

வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். யாருக்கு? கழுதை.

மே 24, ஞாயிறு

ஊசி வந்திருந்தாள், முதல் தடவையாக. என் அறையைப் பார்த்துவிட்டு, ஊசி குத்தும் இடம் இதைவிடப் பெரிசு என்றாள். லாரிக்காரி நன்றாக இருக்கிறாளாம். குறட்டை விடுவாளாம், அவளே சொன்னாளாம்; பாவம், தனக்குத்தான் கேட்கவில்லையே என்று வருத்தப்படுகிறாளாம் ஊசி. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அந்த முந்திரிக்கொட்டையிடமும் ஒரு குறை கிடைத்ததே.

சாப்பிட்டு முடிக்கும்போது இருட்டிவிட்டது. விருந்தாளி கழுவக்கூடாது என்று அவளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு நான் கழுவினேன். என் சமையல் மேடைக்கு நேராகவும் ஒரு சன்னல். நீலப்பூத் தட்டைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தால், கண்ணாடியில் ஊசி. எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள். வாய் அசைகிறது. சத்தமே இல்லை. என்னைப் பார்த்து என்னமோ சொல்கிறாள், நிதானமாக, கையைக்கூட ஆட்டி. வேண்டுமென்றே செய்கிறாள், சண்டாளி.

எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பாதிகூட இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் நான் அவளுக்குக் காதாக இருந்தேனாம். அவள் எத்தனை கஷ்டப்பட்டுப் பார்க்கிறாள் என்பது இன்றுதான் தெரிகிறது. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள். வாயெல்லாம் சிரிப்பு.

பஸ் ஏற்றிவிட்டு வந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீளமாகத்தான் சொன்னாள். எனக்குக் கிடைத்தது கடைசி ஒரு சொல் மட்டும்: முதலில் உதடு இரண்டும் ஒட்டின, பிறகு குவிந்தன, பிறகு பல் தெரிந்தது. குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். 'நன்றி' இல்லை, அதற்கு உதடு ஒட்டவே ஒட்டாது. 'போடி'க்கு ஒட்டுகிறது.